இசைக்கவை 100, நூல் சொல்வது 50

"கிளிநொச்சியில் பள்ளி ஆய்வுகூடம். 100 ஹேர்ட்ஸ் இசைக்கவை, 1.2 மீற்றர் நூல், மீற்றருக்கு 0.4 கிராம். நூலின் ஒரு முனை கவையின் புயத்தில், மறு முனை கப்பி வழியே தொங்கும் தட்டில். தட்டில் 65 கிராமுக்கு 3 தடம், 147 கிராமுக்கு 2 தடம். கணக்கில் 50 ஹேர்ட்ஸ்தான் வருகிறது. எங்கே பிழை?"

கணக்கில் பிழை இல்லை. உங்கள் நூல் உண்மையிலேயே 50 ஹேர்ட்ஸில்தான் அதிர்கிறது.

பெரும்பாலும் இசைக்கவையின் புயம் நூலின் நீளவாக்கில் ஆடுகிறது. புயம் கப்பிப் பக்கம் போனால் நூல் தளரும், திரும்பி வந்தால் இறுகும். நூலோ தன் ஓர் அதிர்வில் இரண்டு முறை நேராகி இறுகுகிறது. அதனால் கவை இரண்டு முறை ஆடினால்தான் நூல் ஒரு முறை ஆடி முடிக்கும்.

சோதித்துப் பாருங்கள். தட்டில் அதே 65 கிராம் இருக்கட்டும்; புயம் நூலுக்குக் குறுக்கே ஆடும்படி கவையை 90 பாகை திருப்புங்கள். 6 தடம் தெரிய வேண்டும். அப்புறம் மீண்டும் 3 தடம் வேண்டுமென்றால் இழுவை நான்கு மடங்கு, ஏறத்தாழ 260 கிராம்.

ஒன்றைக் கவனியுங்கள்: தட்டின் திணிவையும் சேர்த்தீர்களா? கச்சான் காலத்துப் புழுதி கப்பியில் ஏறினாலும் இழுவை பொய் சொல்லும். தட்டை விரலால் சற்றுத் தூக்கி விடுங்கள். தடங்களின் வீச்சு முன்பு போலத் திரும்பாவிட்டால் கப்பி இறுகியிருக்கிறது, துடையுங்கள்.