சர்க்கரைப் பாகும் பாஸாகிற தேன் சோதனை

கேள்வி: கோத்தகிரி போனப்போ ரோட்டோரம் மலைத்தேன் ஒரு பாட்டில் வாங்கினேன். தண்ணியில விட்டா கரையாம அடியில போய் உக்காருது. அப்போ சுத்தமானதுதானே? நெய்யையும் இப்படி வீட்டிலேயே பார்க்க வழி இருக்கா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சுத்தம் என்று சொல்ல முடியாது. கோத்தகிரியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இதே சந்தேகத்தோடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல.

வியாபாரம் இல்லாத ஒரு மழைநாளில் நானே செய்து பார்த்தேன். ஒரு கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழச் சாறு; சிறுதீயில் தேன் பதம் வரும்வரை காய்ச்சினேன். எலுமிச்சை விட்டால் பாகு சீக்கிரம் பூத்துப்போகாது. ஆறியதும் தண்ணீரில் விட்டேன். கம்பி போல இறங்கி அடியில் உட்கார்ந்தது. காகிதத்தில் வைத்த சொட்டு ஊறவில்லை. அதில் தோய்த்தெடுத்த தீக்குச்சியும் உரசியதும் பற்றிக்கொண்டது. செலவு அறுபது ரூபாய்கூட இருக்காது.

பக்கத்திலேயே, எனக்குப் பழக்கமான இருளர் குடும்பம் கொண்டுவந்த மலைத்தேனையும் வைத்திருந்தேன். காகிதம் ஓரத்தில் ஈரமானது, குச்சி பற்றவே இல்லை. நல்ல தேன் ஃபெயில், பாகு பாஸ்!

இந்தச் சோதனைகள் எல்லாமே பார்ப்பது ஒன்றைத்தான்: தேனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று. பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீயின் தேன் இயல்பிலேயே கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும், மழை பிடித்தபின் எடுத்தால் இன்னும் நீர்க்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காட்டுத்தேன் அதைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் சில நாளில் நுரைத்து, மூடியைத் திறந்தால் 'புஸ்' என்கிறது. அது கலப்படம் அல்ல, புளிப்பு ஏறுகிறது. ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். அடியில் சர்க்கரை மாதிரி உறைவதும் குற்றமில்லை.

தேனடைத் துண்டும் செத்த தேனீயும் மிதந்தால் நம்பிவிடுகிறோம். பாகில் ஓர் அடையைப் பிழிந்து போட எவ்வளவு நேரம் ஆகும்? பெரிய பிராண்டு என்றாலும் உறுதி இல்லை. 2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தது. தேனின் மூலக்கூறு அமைப்பையே பார்க்கும் என்.எம்.ஆர். சோதனையை ஜெர்மனியில் செய்தபோது தேறியவை மூன்றுதான். வழக்கமான ஆய்வில் சிக்காத பாகுகளே விற்பனைக்கு இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ஆய்வகத்துக்கே தண்ணி காட்டுவதை நம் வீட்டுத் தம்ளர் எங்கே பிடிக்கும்? ஆகவே தேனுக்கு நான் பார்ப்பது யார் எடுத்தது, எந்த மாதம் எடுத்தது என்பதைத்தான். வருஷம் முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி, கேட்ட அளவு கிடைக்கும் என்றால் அது காட்டிலிருந்து வந்த தேன் இல்லை.

நெய்க்கு வழி கொஞ்சம் சுலபம், கணக்கே காட்டிக்கொடுக்கும். ஒரு கிலோ வெண்ணெயை உருக்கினால் நெய் ஏறக்குறைய 800 கிராம் வரும், மீதி தண்ணீரும் கசடும். ஆக வெண்ணெய் விலையை 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 560 என்றால் நெய்யின் மூலப்பொருளுக்கே 700 ஆகிவிடுகிறது. அதற்குமேல் கேஸ், பாட்டில், வண்டி வாடகை, கடைக்காரர் லாபம். அப்படியிருக்க 450-க்கு ஒரு கிலோ நெய் எப்படி வரும்?

அந்த விலையில் வருவதின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் கடைக்கு ஒருவர் கொண்டுவந்த ஜாடியில் முன்பக்கம் பசுமாட்டுப் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் 'விளக்கேற்ற மட்டும்'. தீப நெய், பூஜை நெய் என்று வருபவை பலவும் இந்த ரகம். சாப்பிடும் நெய்யில் உட்பொருள் பால்கொழுப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பு, வனஸ்பதி என்ற சொல் எங்காவது இருந்தால் அது நெய் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதே என்பீர்கள். அது விற்க அனுமதி உண்டு என்று சொல்கிறதே தவிர, உள்ளே இருப்பதற்குச் சான்று அல்ல.

உள்ளங்கையில் உருகுதா, உறையுதா என்பதெல்லாம் எங்கள் ஊரில் எடுபடாது. இந்தக் குளிரில் எல்லா நெய்யும் கட்டிதான்; வனஸ்பதியும் கைச்சூட்டில் இளகும். அயோடின் சொட்டு விட்டு நீலமானால் மாவோ உருளைக்கிழங்கோ கலந்திருக்கிறது என்று சொல்லலாம். எண்ணெய் கலந்திருந்தால் அது வாயே திறக்காது.

சந்தேகம் தீரவில்லை என்றால், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவின்படி வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் சோதிக்கக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் பாட்டிலுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது.