சுவருக்குள் கசியும் குழாய்: உத்தரவாதக் காலத்துக்குள் ஒப்பந்தக்காரருக்கு எழுதும் கடிதம்

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்டிக் குடிவந்து 19 மாதம் ஆகிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது. குழாய் வேலைக்கு 2 ஆண்டு உத்தரவாதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. போனில் கேட்டால் "ஆள் அனுப்புறேன்" என்பதோடு சரி. அவருக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

பதில்:

திருச்சியில் நாங்கள் கட்டிய வீட்டில் ஏறக்குறைய இதே நிலைமை 2025 தொடக்கத்தில் வந்தது. அப்போது நான் எழுதிய முதல் கடிதம் வெறும் புலம்பலாக இருந்ததால், நல்ல வேளையாக, அதை அனுப்பவில்லை. ஓதத்தைப் பற்றி எழுதினால் "வெளிச்சுவர் பூச்சில் விரிசல், மழைத் தண்ணீர் இறங்குகிறது" என்று பதில் வரும். குழாயைப் பற்றி எழுதினால் "எந்தக் குழாய், எப்படித் தெரியும்" என்று கேட்பார்கள். ஆகவே கடிதத்துக்கு முன்பாக, கசிவு எந்தக் குழாயில் என்பதைச் சுவரை உடைக்காமலே ஓரளவு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டேன். கழிவறையின் ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடினேன். அந்தத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுவது மிகச் சாதாரணம் என்பதால், அதைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யும் சோதனைக்கு மதிப்பில்லை. காலையில் நீர்மட்டம் 2 செ.மீ. இறங்கியிருந்தது. தொட்டியின் விட்டம் ஏறக்குறைய 1 மீட்டர் என்பதால், யாரும் பயன்படுத்தாமலே 15 லிட்டருக்குமேல் போயிருக்கிறது என்று பொருள். அடுத்த இரவு கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மட்டும் கூடுதலாக மூடினேன். மட்டம் இறங்கவே இல்லை. ஆகக் கசிவு கீசரிலிருந்து, வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டருக்கு வரும் வெந்நீர்க் குழாயில்தான் என்பது தெளிவாயிற்று. எல்லாவற்றையும் மூடியும் மட்டம் இறங்காமல், குளிக்கும்போது மட்டும் ஓதம் கூடினால், கோளாறு கழிவுநீர்க் குழாயிலோ தரையின் நீர்க்காப்பிலோ இருக்கலாம். கடிதத்தின் வாசகமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இன்னொன்று, அவசரப்பட்டு வேறு பிளம்பரை வைத்துச் சுவரை உடைத்துவிடாதீர்கள். உடைத்த பிறகு "என் வேலையில் பிறர் கைவைத்துவிட்டார்" என்று சொல்ல அவருக்கு எளிதாகிவிடும். சொட்டு பெரிதாகிப் பொறுக்க முடியாது என்றால், அந்தக் கிளையின் வால்வை மூடி வையுங்கள்.

அனுப்புநர், பெறுநர் முகவரிகளுக்குக் கீழே நான் எழுதியது இதுதான். தேதிகளையும் உங்கள் சோதனையில் தெரிந்த விவரங்களையும் மாற்றிக்கொள்ளலாம்.

"பொருள்: உத்தரவாதக் காலத்துக்குள் சுவருக்குள் பதித்த வெந்நீர்க் குழாயில் கசிவு, பழுது நீக்கித் தருமாறு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டை 12.06.2023 அன்று ஒப்படைத்தீர்கள். நமது ஒப்பந்தத்தின்படி குழாய் வேலைகளுக்கான 2 ஆண்டு உத்தரவாதம் 11.06.2025 வரை நடப்பில் உள்ளது. முதல் தளக் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து சுமார் 3 அடி உயரம் வரை ஓதம் பரவியிருப்பதை 10.02.2025 அன்று முதன்முதலாகக் கண்டு, அன்றே தங்களுக்கு வாட்ஸ்அப்பில் படத்துடன் தெரிவித்தேன். இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

எல்லாக் குழாய்களையும் மூடிய நிலையில் மேல்நிலைத் தொட்டியின் மட்டம் ஓர் இரவில் 2 செ.மீ. இறங்குகிறது, கீசரின் உள்வரும் வால்வை மூடினால் இறங்குவதில்லை. எனவே கசிவு கீசருக்கும் டைவர்ட்டருக்கும் இடையே சுவருக்குள் உள்ள சி.பி.வி.சி. குழாயிலோ அதன் இணைப்பிலோ இருப்பதாகக் கருதுகிறேன். தாங்கள் பொருத்தித் தந்த குழாய்களையும் கீசர் இணைப்பையும் இன்றுவரை வேறு எவரும் கழற்றவோ மாற்றவோ இல்லை.

இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, 15 நாட்களுக்குள் தங்கள் செலவில் கசியும் பகுதியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சுவரை மூடும் முன்பு, என் முன்னிலையில், குழாயில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பு மூலம் அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காதிருப்பதைக் காட்ட வேண்டும். உடைக்கப்படும் பூச்சு, டைல்ஸ் ஆகியவற்றையும், சுவர் நன்கு உலர்ந்தபின் வண்ணப்பூச்சையும் முன்பிருந்தபடி செய்து தர வேண்டும். பழுது பார்த்த பகுதிக்கு அன்றிலிருந்து 2 ஆண்டு உத்தரவாதம் எழுத்தில் தர வேண்டுகிறேன்.

குறித்த காலத்துக்குள் பணி தொடங்கப்படாவிட்டால், தங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து வேறு ஒருவரைக் கொண்டு வேலையை முடித்து, அச்செலவைத் தங்களிடம் கோருவதோடு, நுகர்வோர் ஆணையத்தை நாடவும் நேரிடும்.

இணைப்பு: ஒப்பந்த நகல், படங்கள், வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள"

அழுத்தச் சோதனையை நான் வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஓர் இணைப்பை மாற்றி, குழாயைத் திறந்து, "சொட்டவில்லை, பாருங்கள்" என்று காட்டிவிட்டு அன்றே சிமெண்ட் பூசுவதுதான் வழக்கம். மேல்நிலைத் தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் குழாயில் நிற்கும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோதான், அந்த அழுத்தத்தில் மெல்லிய விரிசல் அரைமணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் மாதக் கணக்கில் சுவரை ஊற வைத்துவிடும். அதைப் போலவே, ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் சில வாரங்களில் உப்புப் பூத்து உரியும். அதனால்தான் "உலர்ந்தபின்" என்ற சொல்லை விடாதீர்கள் என்கிறேன், அதற்காக அவர் இன்னொரு முறை வர வேண்டியிருந்தாலும் சரி.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 5 ஆண்டு பொறுப்பு தருகிறதே என்று பலர் கடிதத்தில் எழுதிவிடுகிறார்கள். அதன் 14(3) பிரிவு, கட்டி விற்கும் நிறுவனத்திடம் வீடு வாங்கியவர்களுக்கானது. அவர்களுக்குக் குறையை 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரை அது கட்டுப்படுத்தாது. உங்களுக்குப் பிடிமானம் ஒப்பந்தமும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். அதில் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். உங்கள் உத்தரவாதம் முடிய இன்னும் 5 மாதம் இருக்கிறது என்றாலும், அது முடியும் முன்பே எழுத்தில் தெரிவித்தீர்கள் என்பதற்குச் சான்று இருப்பது முக்கியம். விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும், சேர்ந்த தேதியைக் காட்டும் விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தின் படத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள்.

எங்கள் ஒப்பந்தக்காரர் ஒன்பதாம் நாள் பிளம்பரோடு வந்தார். டைவர்ட்டருக்குக் கீழே இரண்டு டைல்ஸை எடுத்ததும், பித்தளை மறையுள்ள எல்போவில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பொருத்தும்போது இரும்பு நிப்பிளை அளவுக்குமேல் முறுக்கியிருக்கிறார்கள். எல்போவை மாற்றி, அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் அசையவில்லை என்று பார்த்த பிறகே சுவரை மூடினோம். கடிதத்தில் நான் விட்ட பிழை டைல்ஸ் விஷயத்தில்தான்: அதே நிற டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. "கிடைக்காவிட்டால் என் ஒப்புதலோடு மாற்று டைல்ஸ்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அரைநாள் வாக்குவாதம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் அந்த வரிசை முழுவதும் வேறு நிறப் பட்டையாக ஒட்டிக் கொடுத்தார். கடிதத்தின் நகலிலேயே வேலை முடிந்த தேதியையும் புதிய உத்தரவாதத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.