முதல் கார் வாங்குபவர்கள் கேட்டவை: ஹேட்ச்பேக்கா, செடானா, எஸ்.யூ.வி.யா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் கார் வாங்கப்போகிறவர்களுடையவை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஹேட்ச்பேக், செடான், கிராஸ்ஓவர், எஸ்.யூ.வி., எம்.பி.வி. என்று ஐந்து பெயர் சொல்கிறார்கள். பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பின்கண்ணாடியும் சேர்ந்து ஒரே கதவாக மேலே திறந்தால், வண்டியும் சின்னதாக இருந்தால், அது ஹேட்ச்பேக்: ஸ்விஃப்ட், வேகன் ஆர், டியாகோ. கண்ணாடி அப்படியே நிற்க, நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கியின் மூடி மட்டும் திறந்தால் செடான்: டிசையர், அமேஸ், ஹோண்டா சிட்டி. மூன்று வரிசை இருக்கை, தாழ்வான தரை, நீளமான உடம்பு என்றால் எம்.பி.வி., எர்டிகா மாதிரி. மீதி இரண்டையும் பின்னால் நின்று பிரிக்க முடியாது, குனிந்து அடியில் பார்க்க வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்விஃப்டா டிசையரா? டிக்கியைத் தவிர வேறு வித்தியாசம் உண்டா?

எஞ்சின் ஒன்று, இரண்டு அச்சுகளுக்கு இடையிலான நீளமும் ஒன்று. ஸ்விஃப்டில் டிக்கி சுமார் 265 லிட்டர், டிசையரில் சுமார் 380. எண்ணைப் பார்த்தால் டிசையர்தான். ஆனால் லிட்டர் கணக்கு சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, வாய் அளவு. செடான் டிக்கியில் இடம் ஆழமாக இருக்கும், உள்ளே போகும் வழி குறுகல். இரண்டு பெரிய பெட்டி, ஒரு அரிசி மூட்டை என்று படுக்கவைக்கிற சாமான் எல்லாம் அழகாகப் போகும். நிமிர்ந்து நிற்கிற சாமான், ஒரு சின்ன ஃபிரிட்ஜோ குழந்தை சைக்கிளோ, போகாது. ஹேட்ச்பேக்கில் பின்சீட்டை மடித்துவிட்டு இரண்டையும் ஏற்றலாம். செடான்களில் பல மாடல்களுக்குப் பின்சீட் மடங்காது, கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, செடானின் டிக்கி உட்கார்கிற இடத்திலிருந்து பிரிந்த தனிப் பெட்டி. தூத்துக்குடியிலிருந்து கருவாடு வாங்கிக்கொண்டு வருகிற வீடு என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

மாதத்தில் இரண்டு முறை நான்கு பேராக ஊருக்குப் போகிறீர்களா, டிசையர். தினமும் ஊருக்குள் ஓட்டி, சந்துக்குள் நிறுத்துகிறீர்களா, ஸ்விஃப்ட். எதுவானாலும் நீங்கள் வழக்கமாக ஊருக்கு எடுத்துப்போகிற பெட்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எந்த கார் நல்ல கார்? சீக்கிரம் பதில் வேண்டும்.

எத்தனை பேர், எந்த ஊர், மாதம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பணம் என்று எதுவுமே எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

ஏற்காடு மலையில் சின்னத் தோட்டம் இருக்கிறது. கடைசி ஒரு கிலோமீட்டர் மண் பாதை, மழைக்காலத்தில் சேறு. 8 லட்சத்துக்கே எஸ்.யூ.வி. கிடைக்கிறது என்று ஷோரூமில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் இதில்தான் முதல் கார் வாங்குகிறவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள்.

8 லட்சத்துக்கு எஸ்.யூ.வி. என்று காட்டப்படுவதில் ஏறக்குறைய எல்லாமே கிராஸ்ஓவர். அதாவது ஒரு ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தை எடுத்து, கொஞ்சம் உயர்த்தி, சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, மேலே ரூஃப் ரெயில் வைத்து, முகத்தை முரட்டுத்தனமாக மாற்றியது. அது கெட்ட வண்டி என்று நான் சொல்லவே இல்லை. அது செய்யாத வேலையைச் செய்யும் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் ஹேட்ச்பேக். எக்ஸ்டர், எஸ்.யூ.வி. என்ற பெயரில் விற்பது. நீளம் இரண்டுக்கும் சுமார் 3.8 மீட்டர். அச்சு இடைவெளி ஒன்று. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று. இரண்டிலும் முன்சக்கரம்தான் இழுக்கும். தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், நியோஸில் 165 மில்லிமீட்டர், எக்ஸ்டரில் 185. ஆக நீங்கள் கூடுதலாகப் பெறுவது 2 சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம். கூரை உயர்வது ஒரு சாண்கூட இல்லை, பத்துப் பதினோரு சென்டிமீட்டர்தான். டிக்கி மட்டும் 260 லிட்டரிலிருந்து 390 ஆகிறது, அது உண்மையான லாபம். தலைக்கு இடம், சாமானுக்கு இடம், ஏறி இறங்க வசதி, இவற்றுக்காக எக்ஸ்டரை வாங்கினால் சரியான முடிவு. மாருதியின் பலேனோ ஹேட்ச்பேக்கையும் அதே அடித்தளத்தில் வரும் ஃபிராங்ஸ் கிராஸ்ஓவரையும் பாருங்கள், அங்கேயும் அதே 2 சென்டிமீட்டர்தான், டிக்கியோ பத்து லிட்டர் குறைகிறது.

இப்போது உங்கள் சேற்றுப் பாதைக்கு வருவோம். மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்னுக்குச் சாயும். முன்சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும். ஈர மண்ணில் அந்த முன்சக்கரம்தான் இழுக்க வேண்டும் என்றால் அது நின்ற இடத்திலேயே சுற்றி, குழி பறித்து, உட்கார்ந்துவிடும். அப்போது கிளியரன்ஸ் 165 ஆக இருந்தால் என்ன, 185 ஆக இருந்தால் என்ன? பொலிரோ மாதிரி பின்சக்கரம் தள்ளும் வண்டி அதே மேட்டில், அதுவும் பின்னால் இரண்டு மூட்டை இருந்தால், ஏறிப் போவது இதனால்தான். மஹிந்திரா தார் ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கு சக்கரமும் வேலை செய்யும், மெதுவாக இழுக்கத் தனி கியரும் உண்டு.

அதனால் ஷோரூமில் "இது எஸ்.யூ.வி.யா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தச் சக்கரம் இழுக்கிறது? ஃபோர் வீல் டிரைவ் இந்த மாடலில் உண்டா?" என்று கேளுங்கள். அப்புறம் குனிந்து அடியில் பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த இரும்புச் சட்டம் ஓடினால் அது மெக்கானிக்குகள் சொல்கிற சேஸிஸ் வண்டி: பொலிரோ, ஸ்கார்பியோ, தார், ஃபார்ச்சூனர். இல்லாவிட்டால் கார் உடம்பு. கிரெட்டாவும் அப்படித்தான், அதிலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. கார் உடம்பிலும் நான்கு சக்கரம் இழுக்கிற மாடல்கள் உண்டு, அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்களுக்கு என் பதில்: வருடத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் சேறு என்றால் கிராஸ்ஓவரே வாங்கி, மழை பெய்தால் வண்டியைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வாரம் தவறாமல் மூட்டையோடு உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் பட்ஜெட்டைக் கொஞ்சம் கூட்டி பொலிரோவைப் பாருங்கள். ஆனால் சேஸிஸ் வண்டி தார் ரோட்டில் குலுக்கும், ஏற்காட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் நன்றாகவே சாயும். வீட்டில் வாந்தி எடுக்கிறவர்கள் இருந்தால் அவர்களையும் டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துப்போங்கள், நீங்கள் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. உயரமான வண்டிதான் நல்லது என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. செடான் சீட் தாழ்வு, எழுந்திருக்கும்போது முழங்காலில் முழு பாரமும் விழும். சேஸிஸ் எஸ்.யூ.வி.யில் காலைத் தூக்கி ஏற வேண்டும், புடவையோடு அது இன்னும் கஷ்டம். வேண்டியது சீட்டின் உயரம் அம்மாவின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருப்பது, அப்போது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். வேகன் ஆர் மாதிரி உயரமான ஹேட்ச்பேக், அல்லது சின்ன கிராஸ்ஓவர் இதற்குச் சரியாக வரும். அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய்ப் பின்சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மூன்றாவதில் தெரிந்துவிடும்.

செடான் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கர்களில் அடி இடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பயம் நியாயமானது, காரணம்தான் தவறாகச் சொல்லப்படுகிறது. ஸ்விஃப்டின் கிளியரன்ஸ் 163, ஹோண்டா சிட்டியில் 165. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் கூர்மையான மேட்டில் சிட்டிதான் முதலில் இடிக்கும், ஏனென்றால் அச்சு இடைவெளி ஒன்றில் 2,450 மில்லிமீட்டர், மற்றதில் 2,600. முன்சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிய பிறகும் பின்சக்கரம் ஏறாமல் இருக்கும், அந்த நேரத்தில் வயிறு மேட்டின் மேல் வந்துவிடும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் வண்டி இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கும், விளம்பரத்தில் போடுகிற எண் பெரும்பாலும் காலி வண்டிக்கானது. ஆள் நிரம்ப டெஸ்ட் டிரைவை உங்கள் தெரு வழியாகவே எடுங்கள். இடிக்கவில்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள், நெடுஞ்சாலையில் செடான் ஓடுகிற நிதானம் உயரமான வண்டிகளில் இல்லை.

வீட்டில் ஏழு பேர். திருப்பதி, பழனி என்று போவோம். எம்.பி.வி. போதுமா?

ஏழு பேர் போகலாம். ஏழு பேரும் அவர்கள் பெட்டியும் போவதுதான் சிக்கல். எர்டிகாவில் மூன்று வரிசையிலும் ஆள் இருந்தால் பின்னால் மிச்சம் சுமார் 210 லிட்டர், ஸ்விஃப்டின் டிக்கியைவிடக் குறைவு. இன்னொரு ஏழு பேர் வண்டியான ரெனோ ட்ரைபரில் அதுவும் இல்லை, 85 லிட்டருக்குள், நான்கு பள்ளிப் பை வைக்கலாம். கடைசி வரிசையை எர்டிகாவில் மடித்தால், ட்ரைபரில் கழற்றினால், 550, 600 லிட்டர் என்று கிடைக்கும், ஆனால் அப்போது ஐந்து பேர் வண்டிதான்.

ஆகவே இவற்றை 'ஐந்து பேர் வசதியாக, அவசரத்துக்கு ஏழு' என்று கணக்கு வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கடைசி வரிசை அவர்களுக்குச் சரி. பெரியவர்கள் என்றால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், திருத்தணி தாண்டும்போதே முணுமுணுப்பு ஆரம்பித்துவிடும். ஏழு பேரையும் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பெட்டியையும்தான். வருடத்துக்கு இரண்டு பயணம்தான் என்றால் ஒரு ஹேட்ச்பேக் வாங்கிவிட்டு, அந்த இரண்டு முறையும் வாடகைக்கு இன்னோவா எடுங்கள்.

பல சின்ன கார்களின் நீளம் 3,995 மில்லிமீட்டரில் நிற்கிறதே, ஏன்?

வரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கணக்கு. டிசையரின் டிக்கி வெட்டிவிட்டது மாதிரி இருப்பதற்கும் இதுதான் காரணம். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: பிரெஸ்ஸா 3,995தான், ஆனால் எஞ்சின் 1.5 லிட்டர் பெட்ரோல், எனவே 40.