சுவரில் தொங்கவிடாதீர்கள், தரையில் நிறுத்துங்கள்

கேள்வி: அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். பால்கனிச் சுவரில், சரக்கு அடுக்கப் பயன்படும் ஒரு மரப் பேலட்டை ஆணியடித்து மாட்டி, பக்கத்தில் இருபது பழைய இரண்டு லிட்டர் பாட்டில்களையும் தொங்கவிட்டுச் செடி வளர்க்க ஆசை. சுவர் தாங்குமா, ஈரம் உள்ளே இறங்குமா என்று பயமாக இருக்கிறது. என்ன செடி வைக்கலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பேலட்டைச் சுவரில் மாட்டாதீர்கள். தரையில் நிறுத்துங்கள். எடையைத் தரை சுமக்கட்டும், சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதை மட்டும் சுவர் செய்யட்டும்.

முதலில் எடை. வழக்கமான பேலட் 120 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். காய்ந்த நிலையிலேயே 20 முதல் 25 கிலோ. அதை நெட்டாக நிறுத்தி, பலகைகளுக்கு நடுவே நான்கு மண் பைகள் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பை 80 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 12 ஆழம் என்றால் ஏறக்குறைய பத்து லிட்டர் கொள்ளும். நான்கும் சேர்ந்தால் நாற்பது லிட்டர். தோட்டத்து மண்ணை நிரப்பினால், நனைந்த நிலையில் லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோ அளவுக்கு வரும். மண் மட்டும் எழுபது கிலோ. பேலட்டையும் செடிகளையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தொடுகிறோம். அதே நாற்பது லிட்டரையும் தென்னை நார்க்கழிவு கலந்த இலகுவான கலவையால் நிரப்பினால், நனைந்த பிறகும் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குள் நிற்கும். மொத்தம் 65 கிலோ அளவில் முடியும். பாட்டிலுக்கும் இதே கணக்குதான். படுக்கவைத்துப் பக்கவாட்டில் வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலில் ஒன்றேகால் லிட்டர் கலவை நிற்கும். செடியோடு ஒன்றேகால் கிலோ. இருபது பாட்டிலுக்கு 25 கிலோ. தோட்டத்து மண் போட்டால் 45 கிலோவைத் தாண்டும்.

இங்கேதான் விற்பவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள். ‘சுவர்த் தோட்டத் தொகுப்பு’ என்று வருகிற அட்டைப்பெட்டிகளில் அச்சடித்திருக்கும் எடை பெரும்பாலும் காலிச் சட்டத்தின் எடை. சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நிறுவித் தருகிறவர்களிடம், ‘மழையில் முழுக்க நனைந்தால் மொத்தம் எத்தனை கிலோ?’ என்று கேளுங்கள். ஒரு எண்ணைச் சொல்லாமல் ‘அதெல்லாம் தாங்கும்’ என்று மழுப்பினால், அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். குடியிருப்பு நிர்வாகமும் உதவாது. எது எடை தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர் என்று காட்டும் வரைபடம் குடியிருப்பவர் கைக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. கேட்டால் கட்டியவரைக் கைகாட்டுவார்கள், கட்டியவர் நிர்வாகத்தைக் கைகாட்டுவார். தன் வீட்டுச் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள ஒருவர் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருப்பது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

சுவர் ஏன் ஏமாற்றும் என்பதையும் சொல்கிறேன். மேலே தெரிவது ஒன்றரை சென்டிமீட்டர் சாந்துப்பூச்சு. அதற்குப் பிடிமானம் கிடையாது. உள்ளே பொள்ளல் கல்லோ, நுரைக் கல்லோ இருந்தால் சாதாரண பிளாஸ்டிக் அடைப்பும் திருகும் விரிந்து பிடிக்க இடமே இல்லை. தவிர, பேலட் சுவரோடு ஒட்டிய காகிதம் அல்ல. பதினைந்து சென்டிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் பாரம் அது. கீழ்நோக்கி இழுப்பதோடு, மேல் திருகுகளைச் சுவரிலிருந்து வெளியேயும் இழுக்கிறது. ஒரு வீட்டில், நிறுவி இரண்டு மாதம் ஆன பேலட்டைப் பார்க்கப் போயிருந்தேன். செடிகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் கீழ்வரிசை இலைகளின் மேல் மெல்லிய வெள்ளைத் தூள் படிந்திருந்தது. பூச்சிமருந்து என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். அண்ணாந்து பார்த்தால், இடது மேல் திருகு ஒரு நாணயத்தின் தடிமன் அளவுக்கு வெளியே வந்திருந்தது. அந்தத் தூள் சுவரின் சாந்து. அன்றைக்கே மண்ணை அள்ளி வெளியே கொட்டினோம். அடியில் குழந்தையின் மூன்றுசக்கர சைக்கிள் நின்றிருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பேலட்டின் அடியில், முன்பக்கம் நாற்பது சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு கனமான மரச் சட்டங்களைக் குறுக்கே திருகிக் கால்களாக்குங்கள். அவை பேலட்டைத் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தும், தண்ணீர் ஓட வழிவிடும். மேல்முனையில் இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டைகளால் சுவரோடு இணையுங்கள். அவை தூக்க வேண்டியது ஒன்றுமில்லை, முன்னால் கவிழாமல் பிடித்தால் போதும். பால்கனியின் வெளி விளிம்பில் வேண்டாம், அறைப்பக்கச் சுவரோரமாக நிறுத்துங்கள். 65 கிலோ என்பது அங்கே எப்போதும் ஓர் ஆள் நிற்பதற்குச் சமம். பாட்டில்களையும் கயிற்றில் தொங்கவிடாமல், தரையில் நிற்கும் ஒல்லியான அலமாரிச் சட்டத்தில் படுக்கவையுங்கள். கயிறு கோக்கும் துளையில்தான் பிளாஸ்டிக் முதலில் கிழியும். வெயிலில் நின்ற பாட்டிலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தாலோ, நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அதை மாற்றிவிடுங்கள்.

சுவரில் மாட்டலாம் என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தங்கள் சுவர் அந்த விலக்கில் சேரும் என்றே நினைக்கிறார்கள். பால்கனியில் கான்கிரீட் தூண் இருந்தால், அதில் பாட்டில் வரிசையை மட்டும் மாட்டலாம். தூண் என்று எப்படித் தெரியும்? தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக, மந்தமாக ஒலிக்கும். துளைபோடும்போது சாம்பல் நிறத் தூள் வரும், துளைக் கருவி திணறும். சிவப்புத் தூள் வந்தால் அது செங்கல். சட்டென்று உள்ளே போய் வெற்றிடத்தில் விழுந்தால் பொள்ளல் கல். பலகையடித்துத் தூண் போலக் காட்டிய மறைப்பும் தூண் அல்ல. உண்மைத் தூணிலும் பூச்சைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டராவது திருகு கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும். துளையில் கம்பி தட்டுப்பட்டால் வலுக்கட்டாயமாக உள்ளே போகாமல் இடத்தை மாற்றுங்கள். இத்தனையும் சரியாக இருந்தாலும் பேலட்டை அங்கே மாட்ட வேண்டாம். கைப்பிடிச் சுவருக்கு இந்த விலக்கு பொருந்தவே பொருந்தாது.

அடுத்து வடிகால். பாட்டிலின் மிகத் தாழ்ந்த கோட்டில், சூடாக்கிய ஆணியால் ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு துளைகள் போடுங்கள். துளைமேல் ஒரு துண்டு வலைத்துணி போதும். அடியில் கூழாங்கல் பரப்பச் சொல்வார்கள். கேட்காதீர்கள். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள கலவை முழுக்க ஊறிய பிறகே சொட்டும். எட்டு சென்டிமீட்டர் ஆழமே உள்ள பாட்டிலில் இரண்டு சென்டிமீட்டரைக் கல் பிடித்துக்கொண்டால், ஈரச் சகதி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். பாரமும் கூடும். நார்க்கழிவு இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, பெர்லைட் என்ற இலகுவான வெள்ளைத் துகள் ஒரு பங்கு என்ற கலவையே வடிகாலைப் பார்த்துக்கொள்ளும். நார்க்கழிவை முதலில் நன்றாகக் கழுவுங்கள், அதில் உப்பு இருக்கும். நிறுவியதும் மேல் பையில் ஒரு லிட்டர் ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் மேலே தண்ணீர் தேங்கி நின்றால் துளை அடைபட்டிருக்கிறது.

சுவருக்கு ஈரம் போகாமலிருக்க வேண்டியது காற்று. பேலட்டின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் பாதுகாப்பு என்பது தவறு. தாளின் பின்னால் சேர்ந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரிலேயே தங்கும். பெயிண்ட் கொப்புளித்தாலோ, வெள்ளை உப்புப் பூத்தாலோ, விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று ஒலித்தாலோ ஈரம் உள்ளே போய்விட்டது. பேலட்டை விலக்கிச் சுவரைக் காயவிடுங்கள்.

செடிகளை வரிசை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வடிவதால் உச்சி வரிசை சீக்கிரம் காய்ந்துவிடும், கடைசி வரிசை எப்போதும் ஈரமாக இருக்கும். உச்சியில் சதைப்பற்றுள்ள இலைகொண்ட கற்பூரவல்லியும் பத்துமணிப் பூவும் தாக்குப்பிடிக்கும். நடுவில் சிலந்திச் செடி. அடியில் பெரணியோ புதினாவோ. புதினாவுக்குத் தனிப் பை கொடுங்கள், பக்கத்துச் செடியை அது வாழவிடாது. மணிபிளான்ட் வைத்தால் கொடியைச் சுவரில் தொடவிடாதீர்கள், அதன் காற்றுவேர் பெயிண்டோடு பிய்ந்து வரும். தக்காளி, கத்தரி எல்லாம் இந்த ஆழத்தில் வராது. உயரமாக வளர்வது எதுவும் காற்றுக்குப் பாய்மரம் விரித்தது போலத்தான்.

பேலட் வாங்கும்போது பக்கவாட்டில் கதிர் வடிவச் சின்னத்தோடு சுட்ட முத்திரையைத் தேடுங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பத்தில் பூச்சி நீக்கியது, எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு பட்டது. எடுக்காதீர்கள். முத்திரை இருந்த இடத்தை இழைத்துத் தேய்த்து, புது மரம் என்று விற்கும் தரகர்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் வெளுப்பாகவும் வழவழப்பாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ இருந்தால், முத்திரை என்ன சொன்னாலும் வேண்டாம். முத்திரை பூச்சியைப் பற்றி மட்டும்தான் பேசும், அந்தப் பலகைமேல் முன்பு என்ன கொட்டியது என்று அதற்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும், இரண்டு எல் பட்டைகளின் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவையுங்கள். திருகுத் தலை பட்டையோடு படிந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறையும், பெருமழைக்குப் பிறகு தவறாமலும் இதைச் செய்யுங்கள். பட்டை கோட்டைவிட்டு மயிரிழை நகர்ந்திருந்தாலோ, திருகுத் தலை மேலெழும்பியிருந்தாலோ மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உச்சி வரிசை மண்ணை அன்றைக்கே அள்ளி எடுத்துவிட்டு, பிறகு துளையைப் பாருங்கள்.