நாண் ஏற்றும் இடத்தில்தான் சோதனை

"பெண்ணைக் கட்ட வில்லை வளை, குறியை அடி என்று இதிகாசங்களில் போட்டி வைக்கிறார்களே, அது வெறும் பலப்பரீட்சைதானா?"

பலம் வேண்டும், ஆனால் பலம் மட்டும் போதாது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உடம்பின் வலுவைப் பார்ப்பது. வில் அப்படியில்லை.

சின்ன வயதில் அப்பச்சி என்னைக் காரைக்குடியிலிருந்து நாட்டரசன்கோட்டைக்குக் கம்பன் விழாவுக்குக் கூட்டிப் போவார். 'எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்' என்ற வரியை அங்கேதான் முதலில் கேட்டேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதே பாட்டின் முந்தைய அடி. ராமன் வில்லைத் 'தாளில் மடுத்ததும் நாண் நுதி வைத்ததும்' யாருமே பார்க்கவில்லை என்கிறார் கம்பர். வில்லின் கீழ்முனையைக் காலில் அழுத்திக்கொண்டு, மேல்முனையை வளைத்து, நாணின் நுனியை அங்கே மாட்டுவது. நிஜமாகவே அப்படித்தான் நாண் ஏற்ற வேண்டும்.

கல்லூரியில் வில் பழகியபோது எனக்கு இது கையோடு புரிந்தது. கீழ்முனை கணுக்காலில் சரியாக உட்காராமல் மேலே இழுத்தால் வில் முறுக்கிக்கொண்டு திமிறும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் நாண் ஏறாது. பிடி நழுவினால் முனை தாடையில் அடிக்கும். திரௌபதியின் சுயம்வரத்தில் அரசர்கள் வில்லின் விசையில் தூக்கி எறியப்பட்டு விழுந்தார்கள் என்று வியாச பாரதம் சொல்வதைப் படித்தபோது, எனக்கு அது மிகையாகவே தெரியவில்லை. குறியைப் பார்த்து அம்பு விடும் கட்டத்துக்கே அவர்கள் வரவில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. அர்ச்சுனனுக்குத்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது துருபதனின் ஆசை. அதை வெளியே சொல்லாமல், மற்றவர்களால் வளைக்க முடியாதபடி ஒரு வில்லைச் செய்யச் சொல்கிறான். பிராமண வேடத்தில் ஒளிந்து திரிகிற அர்ச்சுனனை அந்த வில்தான் சபைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. என் கணிப்பில் இந்தப் போட்டிகளின் வேலையே இதுதான்: பலசாலியைத் தேடுவதல்ல, குறிப்பிட்ட ஒருவனைக் கண்டுபிடிப்பது.

கிரேக்கர்களின் ஒடிசி காவியத்தில் இது இன்னும் தெளிவு. போருக்குப் போன ஒடிசியஸ் திரும்பாததால் அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்தவர்கள், நாண் ஏற்றுவதற்காக அவனுடைய வில்லை நெருப்பில் காட்டி, கொழுப்பைத் தடவி இளக்கிப் பார்க்கிறார்கள். ஏறவில்லை. இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் கோலத்தில் திரும்பிய ஒடிசியஸ் அதை வாங்கியதும் வளைக்கப் போகவில்லை. முதலில் அப்படியும் இப்படியும் திருப்பி, தான் இல்லாத காலத்தில் வில்லின் கொம்பைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கிறான். அந்த நிமிடமே அது யாருடைய வில் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு பாணன் யாழுக்கு நரம்பு கட்டுவதுபோல் அலட்டிக்கொள்ளாமல் நாணை ஏற்றி, விரலால் ஒரு தட்டு தட்டுகிறான். அது தகைவிலான் குருவிபோல் ஒலிக்கிறது.