காணாமற்போன ஆறு விடைகள்

அன்புள்ள ஐயா,

இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 119x ≡ 35 (mod 301) என்ற ஒருங்கிசைவைத் தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கத்தையும் 7-ஆல் வகுத்து 17x ≡ 5 (mod 301) என்று எழுதிக்கொண்டேன். நீட்டிக்கப்பட்ட யூக்ளிட் வழிமுறைப்படி 17-இன் நேர்மாறு 124 என்று வந்தது. அதை 5-ஆல் பெருக்கி 301-ஆல் வகுத்தால் மீதி 18. பிரதியிட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் விடைப்பகுதியில் ஏழு விடைகள் இருக்கின்றன. சரிபார்த்த பிறகும் எப்படித் தவறு வரும்? என் தோழி 43-ஐ வைத்துச் செய்து, நேர்மாறு −5 என்கிறாள். நேர்மாறு குறை எண்ணாக இருக்கலாமா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் 18 சரியான விடைதான். பிரதியிட்டுப் பார்ப்பது கையில் இருக்கும் எண் ஒரு விடையா என்பதை மட்டுமே சொல்லும். வெளியே இன்னும் எத்தனை நிற்கின்றன என்பதை அது சொல்லாது. அதனால்தான் இந்தப் பிழை சரிபார்ப்பில் அகப்படாமல் தப்பிவிடுகிறது.

ஒருங்கிசைவுக் குறியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அது சொல்லும் செய்தியைச் சாதாரணச் சமன்பாடாக எழுதிப் பாருங்கள். 119x − 35 என்பது 301-இன் மடங்கு, அதாவது ஏதோ ஒரு முழு எண் k-க்கு 119x − 35 = 301k. இதை 7-ஆல் வகுத்தால் 17x − 5 = 43k என்றாகிறது; மூன்று எண்களில் 301 மட்டும் வகுபடாமல் நிற்க வழியே இல்லை. நீங்கள் அதை வகுக்காமல் விட்டதால், 17x − 5 என்பது 43-இன் மடங்காக இருந்தால் போதும் என்ற இடத்தில், அது 301-இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையை விதித்துவிட்டீர்கள். ஏழு விடைகளில் ஒன்றுதான் அந்த நிபந்தனைக்குள் அடங்கியது, மற்ற ஆறும் வெளியே தள்ளப்பட்டன. உங்களுக்கு ஒன்றாவது மிஞ்சியது நல்லூழ் என்றே சொல்வேன். 4x ≡ 2 (mod 6) என்பதை இதே முறையில் 2x ≡ 1 (mod 6) என்று சுருக்கினால், இரட்டை எண்ணிலிருந்து ஒற்றை மீதி வராது என்பதால் விடையே இல்லை என்று முடித்துவிடுவீர்கள். உண்மையில் 2, 5 என்று இரண்டு விடைகள் இருக்கின்றன.

இது புதிய எச்சரிக்கை அல்ல. பொ.ஆ. 499-இல் ஆரியபட்டர் சுருக்கமாகத் தந்த குட்டகம் என்னும் முறை இவ்வகைக் கணக்குக்கானதே. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தமது லீலாவதியில் அதை விளக்கும்போது முதல் விதியாகவே இதை வைக்கிறார்: வகுபடும் எண், வகுத்தி, சேர்க்கும் எண் ஆகிய மூன்றையும் பொதுவான எண்ணால் முதலில் சுருக்க வேண்டும், முதலிரண்டையும் வகுக்கும் எண் மூன்றாவதை வகுக்காவிட்டால் கேட்ட கணக்கே பிழையானது. உங்கள் கணக்கில் அந்த வகுத்தி 301. அதைத்தான் சுருக்காமல் விட்டீர்கள்.

இனி வழிமுறைக்கு வருகிறேன். மீப்பெரு பொது வகுத்தியைத் தனியாகக் கண்டுபிடித்து, வகுத்து, பிறகு மறுபடி யூக்ளிட் வழிமுறையைத் தொடங்கத் தேவையில்லை. 301, 119 என்ற எண்களிலேயே ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். மீதிகளுக்குப் பக்கத்தில் t என்று ஒரு நிரல் போதும். முதல் இரண்டு வரிகளில் t-யின் மதிப்புகள் 0, 1. அதன் பிறகு ஒவ்வொரு வரியிலும், மேலே இரண்டாவதாக உள்ள t-யிலிருந்து, உடனே மேலே உள்ள t-யை ஈவால் பெருக்கிக் கழிக்க வேண்டும்.

```
மீதி   ஈவு    t
301           0
119           1
 63    2     -2
 56    1      3
  7    1     -5
```

அடுத்த வகுத்தலில் 56-ஐ 7 மீதியின்றி வகுத்துவிடுவதால் இங்கே நிறுத்திவிடலாம். இந்த அட்டவணையில் எனக்குப் பிடித்தது இது: எந்த வரியிலும் t-யை 119-ஆல் பெருக்கி 301-ஆல் வகுத்தால் அந்த வரியின் மீதியே கிடைக்கும். மூன்றாம் வரியில் −238, அதனுடன் 301-ஐக் கூட்டினால் 63. நான்காம் வரியில் 357, அதிலிருந்து 301 போக 56. ஆகவே பிழை நேர்ந்தால் கடைசி வரை காத்திருக்காமல், அது நேர்ந்த வரியிலேயே பிடித்துவிடலாம். பாடநூல்கள் காட்டும் பின்னோக்கிப் பிரதியிடும் முறையும் சரிதான், ஆனால் அதில் ஒரு குறி மாறினால் எங்கே மாறியது என்று தேடுவது பெரும்பாடு. தேர்வுத் தாளில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசி வரி சொல்வது 119 × (−5) ≡ 7 (mod 301) என்பதை. நமக்கு வேண்டியது 7 அல்ல, 35. அது 7-இன் ஐந்து மடங்கு. எனவே −5-ஐயும் ஐந்தால் பெருக்க, x = −25 என்று ஒரு விடை கிடைக்கிறது. அடுத்த விடை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதற்கு 43 பதில் சொல்கிறது. x-உடன் 43-ஐக் கூட்டினால் 119x என்பது 119 × 43 அளவு கூடும். அது 17 × 301, ஆகவே மீதி மாறாது. 43-ஐவிடக் குறைந்த தாவலுக்கு இது நடக்காது, ஏனென்றால் 17-க்கும் 43-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. −25-இலிருந்து நாற்பத்து மூன்றாக ஏறினால் 18, 61, 104, 147, 190, 233, 276 ஆகியவை வருகின்றன. அதற்கு மேல் 319, அது 301 கழித்தால் மறுபடி 18. விடைகளின் எண்ணிக்கை மீப்பெரு பொது வகுத்தியான 7-க்குச் சமமாக இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் சரிபார்ப்பில் விடுபட்டது இந்த எண்ணிக்கைதான்.

உங்கள் தோழியின் −5-இல் குறை ஏதுமில்லை. 301, 119 இரண்டையும் 7-ஆல் சுருக்கினாலும் ஈவுகள் மாறாததால் t நிரலும் அப்படியே இருக்கும். கடைசி மீதி மட்டும் 7-க்குப் பதில் 1 ஆகும். மட்டு 43-இல் −5-உம் 38-உம் ஒரே வகுப்பின் இரண்டு பெயர்கள். சிறிய எண்ணோடு கணக்கிடுவது எளிது என்பதால், கடைசிப் படி வரை −5-ஐயே வைத்துக்கொள்வது என் வழக்கம். குறியைத் தவறவிட்டு 5 என்று எழுதிவிடுவதுதான் ஆபத்து. அப்போது 17 × 5 = 85, அதை 43-ஆல் வகுத்தால் மீதி 42 வரும். நேர்மாறைச் சோதிக்கும்போது 1-க்குப் பதிலாக மட்டைவிட ஒன்று குறைந்த எண் மீதியாக வந்தால், குறியைத்தான் தொலைத்திருக்கிறீர்கள் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

கணினியில் செய்து பார்ப்பீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். பைத்தான் 3.8 முதல் `pow(17, -1, 43)` என்று எழுதினால் 38 கிடைக்கும். `pow(119, -1, 301)` என்று எழுதினால் `base is not invertible for the given modulus` என்ற பிழைச் செய்தி வரும். அதன் பொருள் மட்டு 301-இல் 119-க்கு நேர்மாறு இல்லை என்பது மட்டுமே; ஒருங்கிசைவுக்குத் தீர்வு இல்லை என்பதல்ல. நேர்மாறு இல்லாத இதே 119-க்கு, வலப்பக்கம் 35 இருக்கையில் ஏழு விடைகள் கிடைத்தன. அங்கே 36 இருந்திருந்தால், 7 அதை வகுக்காது என்பதால், ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.