விசாரிப்பு, விலைப்புள்ளி, விற்பனை: எதற்கு எவ்வளவு மதிப்பு?

“பல்லடம், சோமனூர்ப் பக்கம் ஏர்ஜெட் தறிகளுக்குக் கம்ப்ரசர் விற்கிறோம். கூகுள் விளம்பரத்தில் விசாரிப்பு, விலைப்புள்ளி, விற்பனை மூன்றுக்கும் தலா 1,000 ரூபாய் மதிப்பு வைத்தேன். விசாரிப்பு குவிகிறது, விற்பனை இல்லை.”

வணக்கம். சும்மா விலை கேட்டவரும் பணம் கட்டியவரும் ஒரே மதிப்பாகத் தெரிந்தால், கூகுளின் தானியங்கி ஏலமுறை மலிவாகக் கிடைப்பவரைத்தான் தேடிப் போகும். ஆகவே இலாபத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 100 விசாரிப்பில் 20 விலைப்புள்ளியும் 5 விற்பனையும் அமைந்து, விற்பனைக்கு 40,000 ரூபாய் இலாபம் நிற்கிறது என்று கொள்வோம். மொத்தம் 2,00,000, அப்படியானால் விசாரிப்பின் மதிப்பு 2,000, விலைப்புள்ளிக்கு 10,000, விற்பனைக்கு 40,000.

பலரும் சறுக்குவது இங்கேதான். இம்மூன்றையும் ஏலமுறை கணக்கில் எடுக்கும் Primary இலக்கு என்று குறித்தால், ஒரே இலாபம் மூன்று முறை எண்ணப்பட்டு 6,00,000 என்று காட்டும். செலவுக்கு இத்தனை மடங்கு மதிப்பு வேண்டும் என்று இலக்கு வைக்கும் Target ROAS ஏலமுறை அதை நம்பித் தாராளமாகச் செலவிடும். மாறாக 500, 2,500, 20,000 என்று பிரித்து வைத்தால், தொடக்க நிலைகளிலேயே தகவல் கிடைப்பதோடு கூட்டுத்தொகையும் சரியாக 2,00,000 ஆகும்.

விலைப்புள்ளியையும் விற்பனையையும் படிவத்துடன் சேமித்த GCLID என்ற சொடுக்கு அடையாளக் குறியைக் கொண்டு பதிவேற்ற வேண்டும். சொடுக்கிய நாளிலிருந்து 90 நாள் கடந்த விற்பனை ஏற்கப்படாது. தறிக்கூட உரிமையாளர்கள் வங்கிக் கடனுக்குக் காத்திருப்பதால் உங்கள் விற்பனைகள் பெரும்பாலும் அதைத் தாண்டுமானால், விலைப்புள்ளியை மட்டும் 10,000 ரூபாய்க்கு Primary ஆக்கி, மற்ற இரண்டையும் அறிக்கைக்கு மட்டுமான Secondary ஆக்குவதே என் பரிந்துரை.